நிகழ்வு ஆய்வு: கோபி ஜவுளிக்கடையில் ஏறிக்கொண்டே போன கார்டு மெஷின் வாடகையும், சொல்லாமல் பிடித்த ஆண்டுக் கட்டணமும்

பின்னணி

கோபிசெட்டிபாளையம் கடைவீதியில் உள்ள நடுத்தர ஜவுளிக்கடை அது. ஆண்டு விற்றுமுதல் சுமார் 55 லட்சம். வேட்டி, சேலை, ரெடிமேட், முகூர்த்தப் பட்டு என்று எல்லாம் உண்டு. சரக்கில் பெரும்பகுதி ஈரோட்டு வாரச் சந்தையிலிருந்து வருகிறது. உரிமையாளர் கல்லாவில் உட்காருவார், மகன் கொள்முதலைப் பார்ப்பார், விற்பனைக்கு மூன்று பேர். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் தாங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் மெஷின் வாடகைக்கு மேல் விழும் 18 சதவீத வரியும் இவர்களுக்கு முழுச் செலவுதான். வாடகை 500 என்றால் கையை விட்டுப் போவது 590.

2021 அக்டோபர் 18 அன்று, தீபாவளிக்குப் பதினேழு நாள் முன்பு, கணக்கு வைத்திருந்த பேங்கின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கார்டு மெஷினை மாட்டிக் கொடுத்தார். வாய்மொழியாகச் சொன்னவை மூன்று: மாத வாடகை 250 ரூபாயும் வரியும், டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 1.75 சதவீதம் கமிஷன். ரூபே டெபிட் கார்டுக்குக் கமிஷன் இல்லை. மாதம் எவ்வளவு தேய்ப்பீர்கள் என்று கேட்டதற்கு உரிமையாளர் “அறுபதாயிரம் வருமுங்க” என்றார். அந்த எண் படிவத்தில் ஏறியது. விண்ணப்பத்தைப் பிரதிநிதியே நிரப்பினார், உரிமையாளர் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தின் நகல் அன்று கைக்கு வரவில்லை.

கமிஷன் விகிதத்தில் தவறு இல்லை. டெபிட் கார்டு கமிஷனுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேல் உள்ள கடைக்கு 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் கமிஷன் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு உச்சவரம்பு இல்லை, பேசி முடிப்பதுதான். மெஷின் வாடகைக்கும் அப்படித்தான். எனவே கமிஷனில் கை வைக்க முடியாதபோது, வருமானத்தைக் கூட்ட நினைக்கும் பேங்குக்கு மிச்சமிருக்கும் வழி வாடகையும் அதைச் சுற்றிய கட்டணங்களுமே. கடைக்காரர்களோ கமிஷனைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

எப்படித் தெரிய வந்தது

2024 ஏப்ரலில், காம்போசிஷன் கடைகளுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கணக்குப் பார்க்கும் பெண், போர்ட்டலில் ஜி.எஸ்.டி.ஆர்-4ஏ என்ற பக்கத்தைத் திறந்தார். நமக்குச் சரக்கோ சேவையோ விற்றவர்கள் நம் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் போட்ட பில்கள் அதில் தாமாக வந்து நிற்கும். பேங்க் போட்ட பில்களும் அங்கே இருந்தன. கமிஷனுக்கான பில் தனி, அது மாதத்துக்கு மாதம் மாறும். வாடகைக்கான பில்லோ மாறக் கூடாது. ஆனால் 2023-24 நிதியாண்டில் வரிக்கு முந்தைய தொகை இப்படி இருந்தது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 350, அக்டோபரில் 1,999, நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் 500.

“அண்ணா, அக்டோபர்ல மட்டும் ரெண்டாயிரத்துக்கு என்னங்க வாங்குனீங்க?” என்று அவர் கேட்டார்.

“பேங்க்ல ஒண்ணும் வாங்கலையே அம்மிணி. மெஷின் வாடகை எரநூத்தம்பதுதானே?”

முந்தைய ஆண்டுகளையும் திறந்து பார்த்தார்கள். 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டு மாதம் 250. 2022 அக்டோபரில் 1,349, அடுத்த மாதத்திலிருந்து 350. ஆக, ஆண்டுக்கு ஒரு முறை வாடகை ஏறியிருக்கிறது. அந்த அக்டோபர் மாதங்களில் வாடகையோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து பிடிக்கப்பட்டிருக்கிறது: 2022-ல் 999, 2023-ல் 1,499.

மெஷின் வாங்கும்போது விண்ணப்பத்தில் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்திருந்ததால்தான் இந்தத் தடயம் கிடைத்தது. எண் கொடுக்காத கடைக்குப் பேங்க் போடும் பில் எந்தப் பக்கத்திலும் வராது. காம்போசிஷனில் இல்லாத வழக்கமான பதிவுள்ள கடைகள் இதையே ஜி.எஸ்.டி.ஆர்-2பி பக்கத்தில் மாதா மாதம் பார்க்கலாம்.

இரண்டரை ஆண்டு ஏன் கண்ணில் படவில்லை

உரிமையாளர் அசட்டையானவர் அல்லர். நாள்வழிக் கணக்கு எழுதுபவர், பேங்க் பாஸ்புக்கை வாரம் ஒரு முறை பதிவு செய்து பார்ப்பவர். அப்படிப்பட்டவர் கண்ணிலேயே இது படவில்லை என்பதால், பணம் பிடிக்கப்பட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கார்டில் தேய்த்த பணம் கடையின் கணக்குக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேய்த்த முழுத் தொகையும் வரவாகி, கமிஷனும் வாடகையும் தனித்தனி வரியாகப் பற்று வைக்கப்படும். இன்னொன்று, எல்லாவற்றையும் கழித்த பின் மிச்சம் மட்டும் ஒரே வரியில் வரவாகும். இந்தக் கடைக்கு இரண்டாவது முறை. பாஸ்புக்கில் வாடகை என்ற சொல்லே எங்கும் இல்லை.

2023 அக்டோபர் 18-ஐ எடுத்துக்கொள்வோம். அன்றைய மெஷின் விற்பனை 36,050 ரூபாய். அதில் ரூபே டெபிட் 3,200, மற்ற டெபிட் 11,400, கிரெடிட் 21,450. எல்லாம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்கள், அதனால் கமிஷனுக்கு வரியும் உண்டு. (2,000 வரை உள்ள பில்லின் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது.) டெபிட் கமிஷன் 102.60, கிரெடிட் கமிஷன் 375.38, இரண்டுக்கும் வரி 86.04. மொத்தம் 564.02. வர வேண்டியது 35,485.98. வந்ததோ 33,127.16. இடையில் காணாமல் போன 2,358.82 தான் அந்த மாத வாடகை 590-ம், வரியோடு ஆண்டுக் கட்டணம் 1,768.82-ம்.

தீபாவளிக் கொள்முதலும் கூட்டமும் சேர்ந்து நெருக்கும் நேரத்தில், முப்பத்தாறாயிரம் தேய்த்து முப்பத்துமூவாயிரம் வந்தால், கிரெடிட் கார்டு கமிஷன் போயிருக்கும் என்று நினைத்து நகர்ந்துவிடுவது இயல்பு. தை, மாசியில் நாலாயிரம் ரூபாய் விற்பனையிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறைப் பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தீபாவளிக்கு முன்பு மெஷின் வாங்கும் கடைகளுக்கு ஆண்டுக் கட்டணமும் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பே விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாள் முடிவில் மெஷின் அடிக்கும் மொத்தக் கணக்குச் சீட்டு வெப்பத்தாளில் வருவது. கல்லாப்பெட்டியில் கட்டிப் போட்டிருந்த 2022-ன் சீட்டுகள் வெளுத்துப் போயிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தாலும் பழைய மாதங்களுக்குக் கடையின் கையில் எதுவும் இல்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது

ஏப்ரல் 22 அன்று உதவி எண்ணில் கூப்பிட்டார்கள். ரசீதின் தலைப்பில் MID என்று அச்சாகும் கடை எண்ணையும், TID என்ற மெஷின் எண்ணையும் சொல்லி மூன்றைக் கேட்டார்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், தொடக்கத்திலிருந்து மாதவாரிக் கணக்கு அறிக்கை, கடையின் பெயரில் பதிவான மின்னஞ்சல் முகவரி. மூன்றாவதைக் கேட்டது நல்லதாயிற்று. வாடகை ஏறியது குறித்துக் கேட்டபோது “மெயில் அனுப்பியிருக்கோமுங்க” என்றார்கள். எந்த மெயிலுக்கு என்று பார்த்தால், அது உரிமையாளருடையதும் அல்ல, மகனுடையதும் அல்ல. மெஷின் மாட்டிய பிரதிநிதி, வாடிக்கையாளரிடம் மெயில் இல்லாத இடத்தில் தன்னுடைய முகவரியையே எழுதி வைத்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மாத அறிக்கை, கட்டண மாற்ற அறிவிப்பு எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன.

நகல் வந்ததும் வாடகைக்கும் ஆண்டுக் கட்டணத்துக்கும் அடிப்படை வேறு வேறு என்பது தெளிவானது. இந்த விவகாரத்தின் முடிவைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான்.

வாடகை உயர்வு, கையெழுத்துப் போட்ட மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. மெஷின் வழியாக மாதம் சராசரியாக 50,000-க்கு மேல் நடந்தால் வாடகை 250. 25,000 முதல் 50,000 வரை என்றால் 350. அதற்குக் கீழே 500. ஆண்டுக்கு ஒரு முறை, கடந்த பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்து அடுத்த ஆண்டின் வாடகையை நிர்ணயிப்பார்கள். அறுபதாயிரம் என்று சொன்னதால் முதல் ஆண்டு 250. முதல் ஆண்டில் உண்மையில் நடந்த சராசரி 41,000, எனவே இரண்டாம் ஆண்டு 350. இரண்டாம் ஆண்டின் சராசரி 23,000, எனவே மூன்றாம் ஆண்டு 500.

விற்பனை குறையவில்லை. வாங்குகிறவர்கள் கார்டை விட்டு யு.பி.ஐ.க்குப் போய்விட்டார்கள். கல்லாவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கியூஆர் வேறு நிறுவனத்துடையது, அதில் மாதம் 1,10,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதே வேளையில் மெஷின் திரையிலும் கியூஆர் காட்டும் வசதி இருந்தது. ஒப்பந்தத்தின்படி அதில் வரும் பணமும் சராசரியில் சேரும். அதை ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. வாடகை ஏறியதன் மூலகாரணம் இதுதான். பேங்க் விலையைக் கூட்டிவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்டு சண்டைக்குப் போயிருந்தால், மூன்றாம் பக்கத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆண்டுக் கட்டணத்துக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசியில், கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படலாம், மாற்றத்தைப் பதிவான முகவரிக்கு 30 நாள் முன்பு தெரிவிப்போம் என்ற பொது வாசகம் மட்டும் இருந்தது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்ற பெயர் 2022-ல் வந்த அறிவிப்பில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அந்த அறிவிப்பு போனது பிரதிநிதியின் பெட்டிக்கு.

மூன்று ஆண்டுகளையும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் செலவு இப்படி:

முதல் ஆண்டு: 295 வீதம் 12 மாதம், 3,540 ரூபாய்.
இரண்டாம் ஆண்டு: 413 வீதம் 4,956, ஆண்டுக் கட்டணம் 1,178.82, ஆக 6,134.82.
மூன்றாம் ஆண்டு: 590 வீதம் 7,080, ஆண்டுக் கட்டணம் 1,768.82, ஆக 8,848.82.

மூன்றாம் ஆண்டில் கார்டு விற்பனை மாதம் 22,000 வீதம் 2,64,000 என்று வைத்தால், கமிஷனைச் சேர்க்காமலே நூற்றுக்கு 3.35 ரூபாய் மெஷினுக்குப் போகிறது. 250 ரூபாய் கூடியிருக்கிறது என்பதைவிட இந்தக் கணக்குதான் உரிமையாளரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் தோன்றியது மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஒப்பந்தம் 36 மாதத்துக்கானது, 2024 அக்டோபர் 17 அன்று முடிகிறது. அதற்கு முன்பு திருப்பினால் மிச்ச மாதங்களின் வாடகை முழுவதையும் கட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு 2,950 ரூபாய். வைத்திருந்தாலும் அதே 2,950. பணத்தையும் கட்டி மெஷினையும் இழப்பதில் அர்த்தமில்லை. மேலும் முகூர்த்தப் பட்டு எடுக்க வருபவர்கள் இருபதாயிரம், முப்பதாயிரம் பில்லுக்குக் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். மெஷின் இல்லையென்றால் அவர்கள் ஈரோட்டுக்கோ கோவைக்கோ போய்விடுவார்கள். எனவே அக்டோபர் வரை வைத்திருப்பது என்று முடிவாயிற்று.

கார்டு தேய்ப்பவர்களிடம் 2 சதவீதம் கூட்டி வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. இதைக் கைவிட்டது சரியான முடிவு. டெபிட் கார்டின் கமிஷனை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி வாங்குவதாகப் புகார் போனால், பேங்கோடு பேசும் நேரத்தில் தவறு கடையின் பக்கம் வந்து நிற்கும்.

அடுத்தது கடிதம். வாடகையையும் ஆண்டுக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் கேட்காமல், ஆண்டுக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் கலந்திருந்தால், வாடகைக்கான பதிலையே இரண்டுக்குமான பதிலாகப் பேங்க் எழுதிவிட முடியும். ஏப்ரல் 29 தேதியிட்ட கடிதத்தில் கடை எண், மெஷின் எண், பிடிக்கப்பட்ட இரண்டு தேதிகள், தொகைகள் இருந்தன. அதன் கீழ் இரண்டு கேள்விகள்: இந்தக் கட்டணம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இல்லையென்றால், எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்? இந்த இரண்டுக்கும் ஆவணத்தோடு பதில் தர முடியாவிட்டால் தொகையைத் திருப்பித் தரவும் என்று முடித்திருந்தார்கள். பணத்தைக் கொடு என்று மட்டும் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் விதியைச் சொல்லி முடித்துவிடலாம். கேள்வியாகக் கேட்டால் ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினார்கள். அந்த முத்திரை முக்கியம். பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். அந்த 30 நாளை எண்ணத் தேதி வேண்டும். தொலைபேசிப் பேச்சுக்கு மெசேஜில் வந்த புகார் எண் மட்டும் இருந்தால், என்ன கேட்டோம் என்பதற்குச் சான்று இல்லை.

மூன்றாவது முடிவு, மே முதல் யு.பி.ஐ. பணத்தை மெஷின் வழியாக வாங்குவது. கணக்கு எளிது. அக்டோபரில் பார்க்கப்போகும் பன்னிரண்டு மாதத்தில் ஏழு மாதம் 22,000 ஆகிவிட்டது. மிச்ச ஐந்து மாதம் 22,000-உம் 1,10,000-உம் சேர்ந்து 1,32,000 நடந்தால், ஆண்டுச் சராசரி சுமார் 67,800. வாடகை 250-க்கு இறங்கும். பேங்க்கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ.க்குக் கமிஷன் இல்லை என்பதால் வேறு செலவும் கூடாது.

பிறகு நடந்தவை

மே 9 அன்று கிளையிலிருந்து அச்சடித்த பதில் ஒன்று வந்தது: கட்டணங்கள் ஒப்பந்தத்துக்கும் அறிவிப்புக்கும் உட்பட்டே பிடிக்கப்பட்டுள்ளன. கேட்ட கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. மே 13 அன்று அதே கடிதத்தையும் இந்தப் பதிலையும் இணைத்து, பேங்கில் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கு அனுப்பினார்கள். ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்தது: பதிவான மின்னஞ்சல் முகவரி உங்கள் முன்னாள் ஊழியருடையது, விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஜூன் 4 அன்று பதில் வந்தது. அறிவிப்பு கடைக்குச் சேரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் வரியோடு திருப்புவதாகச் சொன்னார்கள். 1,178.82-உம் 1,768.82-உம் சேர்ந்து 2,947.64 ரூபாய் ஜூன் 7 அன்று கணக்கில் வரவானது. வாடகை வித்தியாசம் திரும்பாது என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அது கேட்கப்படவும் இல்லை. கூடவே, ஆண்டுக் கட்டணம் இப்போது முறையாகத் தெரிவிக்கப்படுகிறது, 2024 அக்டோபர் முதல் பொருந்தும் என்ற ஒரு பத்தியும் அந்தக் கடிதத்தில் இருந்தது. பணம் வந்த மகிழ்ச்சியில் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தால், அடுத்த தீபாவளிக்கு முன்பு அதே 1,768.82 இந்த முறை உரிமையோடு பிடிக்கப்பட்டிருக்கும்.

மெஷினில் யு.பி.ஐ. வாங்குவது நினைத்த அளவுக்கு இலகுவாக இல்லை. ஸ்டிக்கரில் வாங்குபவரே தொகையை அடித்துவிடுவார், நாலு பேர் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்யலாம். மெஷினில் கல்லாவில் இருப்பவர் தொகையை அடித்து, யு.பி.ஐ.யைத் தேர்ந்தெடுத்து, திரையை நீட்ட வேண்டும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். தொகையைத் தவறாக அடிக்கும் சிக்கல் குறைந்தது நன்மை. தாள் ரோல் வேகமாகத் தீர்ந்ததால், யு.பி.ஐ.க்கு மட்டும் கடை நகல் அடிப்பதை அமைப்பில் நிறுத்தி வைத்தார்கள்.

பெரிய சிக்கல் பணம் வரும் நேரம். ஸ்டிக்கர் பணம் அன்றைக்கே கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. மெஷின் பணமோ இந்த ஒப்பந்தத்தில் அடுத்த வேலை நாளில்தான் வரும். ஈரோட்டுச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடப்பது, கொள்முதலுக்குத் திங்களன்றே கணக்கில் பணம் வேண்டும். எனவே திங்கட்கிழமை மட்டும் ஸ்டிக்கர், மற்ற நாள் மெஷின் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின்போது சனி, ஞாயிறுகளில் ஸ்டிக்கரையும் திறந்து வைக்க வேண்டியிருந்தது. இதனால் எதிர்பார்த்த தொகை முழுவதும் மெஷினுக்கு வரவில்லை. ஆனாலும் பன்னிரண்டு மாதச் சராசரி ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

யு.பி.ஐ. செயலியில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்துப் பணம் கட்டும் வாடிக்கையாளரும் சிலர் இருந்தார்கள். அதற்குக் கமிஷன் உண்டு என்பது ஜூலை அறிக்கையைப் பார்த்தபோதுதான் கவனத்துக்கு வந்தது. தொகை சிறியது, விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 10 அன்று, ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது, இரண்டாவது கடிதம் போனது. ஆண்டுக் கட்டணம் இல்லாமல் எழுத்தில் உறுதி கிடைத்தால் தொடர்கிறோம், இல்லையென்றால் அக்டோபர் 18 அன்று மெஷினை எடுத்துக்கொள்ளவும் என்று. இப்போது பேரம் பேசும் பலம் கடையின் பக்கம் இருந்தது: திருப்பிக் கொடுத்தால் அபராதம் இல்லை, மெஷினில் நடக்கும் தொகையும் பல மடங்கு கூடியிருக்கிறது. இதையே ஏப்ரலில் எழுதியிருந்தால் வேலைக்கு ஆகியிருக்காது. கிளை மேலாளர் நேரில் வந்து பேசினார். 2025 அக்டோபர் வரை ஓராண்டுக்கு ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி, வாடகை 250 என்று கடிதம் கொடுத்தார். நிரந்தரத் தள்ளுபடி கேட்டதற்குத் தன் அதிகாரத்தில் இல்லை என்றார். நான்காம் ஆண்டின் செலவு மீண்டும் 3,540-க்கு வந்தது.

இனி மாற்ற வேண்டியவை

கடையில் இப்போது ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தினமும் கடை அடைக்கும் முன் மெஷினில் அன்றைய கணக்கை முடித்து வரும் சீட்டின் மொத்தத்தை எழுதுகிறார்கள், சீட்டை மகன் செல்போனில் படம் எடுத்து வைக்கிறார். மறுநாள் வந்த தொகையைப் பக்கத்தில் எழுதுகிறார்கள். எல்லா நாளும் கமிஷனைப் போட்டுப் பார்ப்பதில்லை, தேவையும் இல்லை. வித்தியாசம் மொத்தத்தில் 2.1 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் பார்க்கிறார்கள். அவர்களுடைய மிக உயர்ந்த கமிஷனான 1.75-ஓடு வரியும் சேர்ந்தால் 2.07 தான் வரும். அதற்கு மேல் போயிருந்தால் கமிஷன் தவிர வேறு ஏதோ பிடிக்கப்பட்டிருக்கிறது. வாடகை விழும் 18-ஆம் தேதி பாஸ்புக்கில் 295 தெரிய வேண்டும். கூடினால் கேள்வி.

கழித்த மிச்சத்தை மட்டும் வரவு வைக்கும் முறையை மாற்றி, முழுத் தொகையும் வரவாகி வாடகை தனி வரியாகப் பற்று வரும்படி கேட்டார்கள். வாடகைக்கு மட்டும் பேங்க் ஒத்துக்கொண்டது, கமிஷன் பழைய முறையிலேயே இருக்கிறது. வாடகை பாஸ்புக்கில் தனியாகத் தெரிவதே போதுமானது.

மின்னஞ்சல் முகவரியை மகனுடையதாக மாற்ற, கிளையில் அடையாளச் சான்றோடு தனிப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்ததோடு நிற்காமல், அடுத்த மாத அறிக்கை அந்தப் பெட்டிக்கு வந்ததா என்று பார்த்த பிறகே அதை முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். புதிதாக மெஷின் வாங்கும் கடைகள், பிரதிநிதி கிளம்பும் முன்பே நிரப்பிய விண்ணப்பத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. மெயில் கட்டத்தில் யாருடைய முகவரி இருக்கிறது, வாடகை எந்த விற்பனை அளவுக்கு, எத்தனை மாதத்துக்குக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் அங்கேயே பார்க்கலாம். மாத விற்பனையை உயர்த்திச் சொல்லிக் குறைந்த வாடகை வாங்குவது முதல் ஆண்டுக்கு மட்டுமே உதவும்.

2025 ஆகஸ்ட் பக்கத்தில் ஆண்டுக் கட்டணத்துக்காகக் கடிதம் எழுத வேண்டிய நாள் நோட்டில் குறிக்கப்பட்டிருந்தது. அப்போது தள்ளுபடி கிடைக்காமல் மெஷினைத் திருப்ப நேர்ந்தால், எடுக்க வருபவரிடம் மெஷின் எண், உடலில் ஒட்டியுள்ள வரிசை எண், சார்ஜர், தேதி எல்லாம் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடு கிளைக்குப் போய், மெஷின் எண் மூடப்பட்டதாக எழுத்தில் வாங்கும்வரை வாடகை நிற்காது. மெஷின் கடையை விட்டுப் போவதும், பேங்கின் கணக்கில் எண் மூடப்படுவதும் தனித்தனி வேலைகள். முதலாவதை மட்டும் முடித்துவிட்டு இருக்கும் கடைகளில்தான் இல்லாத மெஷினுக்கு மாதக்கணக்கில் வாடகை போய்க்கொண்டிருக்கிறது.